பட்டறையா, பெரிய கம்பெனியா: அக்கா மகனின் இரண்டு ஆஃபர்களும் அதற்கப்புறம் நடந்ததும்

2022 ஜூன் மாதம் அக்கா மகன் மெக்கானிக்கல் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது ஒரே வாரத்தில் இரண்டு வேலை வந்தது. ஒன்று, கோயம்புத்தூரிலேயே வீட்டிலிருந்து பதினோரு கிலோமீட்டரில் ஒரு குடும்பப் பட்டறை. பம்பு பாடி, வால்வு கவர் மாதிரி வார்ப்புகளை வாங்கி மெஷினிங் செய்து கொடுக்கிறவர்கள். நான்கு வி.எம்.சி. மெஷின், ஆறு சி.என்.சி. லேத், முப்பத்தி நாலு பேர். பெரியவர் நடத்துகிறார், அவர் தம்பி கணக்கு பார்க்கிறார். இன்னொன்று சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் பெரிய கார் உதிரிபாகக் கம்பெனியில் டிரெய்னி எஞ்சினியர் வேலை, வருடத்துக்கு 3,60,000 ரூபாய்.

வீட்டில் இரண்டு கட்சி. அக்காவுக்குப் பையன் கண் முன்னால் இருக்க வேண்டும். மச்சானுக்குப் பெரிய கம்பெனி பெயர் வேண்டும், ஆனால் பட்டறைக்காரர் அவருக்குத் தெரிந்தவர் என்பதால் அங்கே வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பையன் என்னிடம் வந்தான். நான் ஆறு வருடம் இப்படி ஒரு பட்டறையிலும் ஒன்பது வருடம் ஒரு பெரிய கம்பெனியில் சப்ளையர் குவாலிட்டியிலும் இருந்தவன் என்பதால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஓரளவு தெரிந்திருந்தது. ஒரு முக்கியமான கேள்வியைக் கேட்க விட்டுவிட்டேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பணம். 3,60,000 என்றால் மாதம் முப்பதாயிரம் என்று மச்சான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஃபர் லெட்டரின் இரண்டாம் பக்கத்தில் இருந்த சம்பளப் பிரிவை எடுத்து நானும் பையனும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். கம்பெனிக்கு அவனால் ஆகும் மொத்தச் செலவான சி.டி.சி. முப்பதாயிரம், அதில் பேசிக் 15,000. கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,800 அந்த முப்பதாயிரத்துக்குள்ளேயே இருக்கிறது. கிராஜுவிட்டி என்று 722 ரூபாய், அதுவும் உள்ளேதான், ஆனால் நிரந்தர ஊழியராக ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும். குழுக் காப்பீட்டு பிரீமியம் 478. அப்புறம் வேரியபிள் பே மாதம் 3,000 கணக்கு, அது வருடக் கடைசியில் கம்பெனியும் அவனும் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்துக் கொடுப்பது. இதெல்லாம் கழித்தால் மாதச் சம்பளம் 24,000. அதில் அவன் பங்கு பி.எஃப். 1,800 பிடித்தால் 22,200 கையில் வரும். பகிர்ந்த அறை வாடகை 4,000, மதியம் கேன்டீன் போக மற்ற சாப்பாடு 3,500, மாதம் இரண்டு தடவை ஊருக்கு வந்து போக பஸ் 2,400. மீதி 12,300.

பட்டறையில் சொன்னது 17,000, பேசிக் 12,000. பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 128 போனால் 15,432. பெட்ரோல் 1,800. மீதி 13,600 சொச்சம். அக்கா போடும் சாப்பாட்டுக்கு நாம் கணக்கு வைக்கவில்லை, அது அவளுக்குச் செலவுதான், அதையும் சேர்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. மச்சான் அந்தத் தாளை மூன்று தடவை படித்தார். முதல் வருடத்துக்குப் பணம் ஒரு காரணமே இல்லை என்று ஆனதும் பேச்சு சுலபமாகிவிட்டது.

இன்னொன்றும் கவனித்தோம். சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, சொந்த வருமானம் இல்லாமல் பிள்ளையை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் அதில் வைத்தியம் உண்டு. அக்காவுக்கு முழங்கால் பிரச்சினை, சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். பெரிய கம்பெனியின் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்கத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்று லெட்டரிலேயே போட்டிருந்தது.

அடுத்தது பட்டறையின் உடல்நிலை. பெரிய கம்பெனி பற்றித் தெரிந்துகொள்ள ஆண்டறிக்கை இருக்கிறது, செய்தி இருக்கிறது. குடும்பப் பட்டறையைப் பற்றி ஊரில் கேட்டால் "நல்ல மனுசங்க" என்பார்கள், அவ்வளவுதான் கிடைக்கும். ஆனால் இரண்டு விஷயத்தை யாரையும் கேட்காமலே பார்க்கலாம், இது பலருக்குத் தெரிவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பி.எஃப். பார்க்கும் அமைப்பான இ.பி.எஃப்.ஓ. தளத்தில் `Establishment Search` என்று ஒரு பக்கம் இருக்கிறது. லாகின் எதுவும் வேண்டாம். நிறுவனத்தின் பெயரையோ குறியீட்டு எண்ணையோ போட்டால் விவரம் வரும், அதற்குள் `View Payment Details` என்று இருக்கும். எந்த மாதச் சம்பளத்துக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு பணம், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்பது வரிசையாக வரும். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இந்தப் பட்டறை தேதி தவறாமல் கட்டியிருந்தது, ஆனால் கட்டியது பதினோரு பேருக்கு. உள்ளே முப்பத்தி நாலு பேர். சிலர் கான்ட்ராக்டர் ஆட்களாக இருக்கலாம், அவர்கள் கான்ட்ராக்டரின் கணக்கில் வருவார்கள், அதனால் வித்தியாசம் முழுவதும் தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இருபத்தி மூன்று பேர் கான்ட்ராக்டில் இருக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டாவது விஷயம் ஜி.எஸ்.டி. அதன் பதிவு எண்ணை வாசல் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். பையன் இன்டர்வியூவுக்குப் போனபோது போன் கேமராவில் எடுத்துக்கொண்டு வந்தான். ஜி.எஸ்.டி. தளத்தில் `Search Taxpayer` பகுதியில் அந்த எண்ணைப் போட்டு `Show Filing Table` என்று அழுத்தினால், ஒவ்வொரு மாத ரிட்டர்னும் எந்தத் தேதியில் போனது என்று வரும். விற்பனை எவ்வளவு என்பது தெரியாது, தேதி மட்டும்தான். ஆனால் அந்தத் தேதியே நிறையச் சொல்லும். மாதாமாதம் கட்டுகிறவர்கள் வரி ரிட்டர்னான `GSTR-3B`-ஐ அடுத்த மாதம் 20-க்குள் போட வேண்டும், போடும்போது வரியையும் கட்டியாக வேண்டும், அதனால் கையில் பணம் இல்லாத மாதத்தில்தான் அது தள்ளிப்போகும். இவர்களுடையதில் ஒன்பது பத்து மாதம் சரியாக இருந்தது. முந்தைய வருடத்து ஆகஸ்ட், செப்டம்பர் மட்டும் மூன்று வாரம் தாமதம். (ஐந்து கோடிக்குள் விற்பனை உள்ளவர்கள் காலாண்டுக்கு ஒரு தடவை போடலாம், அங்கே இந்தக் கணக்கு அவ்வளவு தெளிவாகத் தெரியாது.)

ஏன் ஆகஸ்ட், செப்டம்பர்? பம்பு வியாபாரம் கோடையில் ஓடும். தண்ணீர் கீழே போகப் போக மோட்டார் விற்கும். மழை இறங்கியதும் பம்பு கம்பெனி ஆர்டரைக் குறைக்கும், அதன் சப்ளையருக்கும் குறையும், கோடையில் அனுப்பிய சரக்குக்கான பணம் மட்டும் தொண்ணூறு நாள் கழித்து மெதுவாக வந்துகொண்டிருக்கும். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. ஆனால் மொத்த வேலையில் முக்கால்வாசி தருகிற வாடிக்கையாளர் மேல் எந்தப் பட்டறைக்காரர் புகார் கொடுப்பார்? அதைத்தான் பையனைக் கேட்டு வரச் சொன்னேன்: உங்கள் வேலையில் பெரிய வாடிக்கையாளருடைய பங்கு எவ்வளவு? பெரியவர் ஒளிக்காமல் சொன்னார். "நூத்துக்கு எழுபது ஒருத்தருதான் கண்ணு. அவரு தும்மினா நமக்குக் காய்ச்சல்."

பி.எஃப். பற்றியும் கேட்டான். கணக்கு பார்க்கும் தம்பி, "ஒரு வருசம் போகட்டும் தம்பி, புதுசா வர்றவங்க மூணு மாசத்துல ஓடிடறாங்க, அதுக்குத்தான்" என்றார். பேசிக் 15,000-க்குள் இருப்பவனுக்கு முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும் என்பதுதான் விதி. நான் பையனிடம் சொன்னேன், சட்டம் பேசாதே, சம்பளத்தில் ஐநூறு குறைத்துக்கொள்கிறேன், பி.எஃப். முதல் மாதமே வேண்டும் என்று கேள். அவன் அப்படியே கேட்டான். பெரியவர் சிரித்துவிட்டு ஐநூறும் குறைக்க வேண்டாம், பி.எஃப்.-ம் போட்டுவிடலாம் என்றார். அவனுக்குக் கிடைத்தது, மற்ற இருபது பேருக்குக் கிடைக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

இனி கற்றுக்கொள்வது. இதைப் பற்றி எனக்குச் சொந்தமாக ஒரு கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த முடிவை விளக்க முடியாது.

நான் பட்டறையில் இருந்தபோது 47 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுவோம், 6204 பேரிங் உட்காரும் இடம். வரைபடத்தில் எச்7 என்று இருக்கும், அதாவது 47.000-லிருந்து 47.025 வரைக்கும் இருக்கலாம், மொத்தமே இருபத்தைந்து மைக்ரான். ஒரு தடவை 600 பீஸ் அனுப்பினோம், 212 திரும்பி வந்தது, துளை பெரியதாக இருக்கிறது என்று. துளையின் அளவு பார்க்கும் எங்கள் போர் கேஜில் வைத்துப் பார்த்தால் 47.024, 47.025. வாடிக்கையாளர் ரிப்போர்ட்டில் 47.030, 47.031. அவர்கள் கேஜ் தப்பு என்று நாங்கள் சொன்னோம், எங்கள் ஆள் தப்பு என்று அவர்கள் சொன்னார்கள். கடைசியில் முதலாளி நஷ்டத்தை ஏற்றுக்கொண்டார். ஏன் வந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாமலேயே அது முடிந்தது.

மூன்று வருடம் கழித்துப் பெரிய கம்பெனியில் சேர்ந்தபோது முதல் மாதமே அளவுக் கருவிகளுக்கான வகுப்பில் உட்கார வைத்தார்கள். போர் கேஜை வைத்து நேரடியாக அளக்க முடியாது, அளவு தெரிந்த ஒரு வளையத்தில் வைத்துப் பூஜ்யம் செட் பண்ண வேண்டும், அந்த வளையம் தினமும் தேய்ந்துகொண்டிருக்கும், அதனால் குறிப்பிட்ட கால இடைவெளியில் அதையே அளந்து சான்று வாங்க வேண்டும் என்று சொன்னார்கள். எனக்கு அங்கேயே வயிற்றைப் பிசைந்தது. எங்கள் பட்டறை வளையம் ஆறு வருடமாக வெளியே போனதே இல்லை. அது ஆறு மைக்ரான் தேய்ந்திருந்தால் நாங்கள் 47.000 என்று செட் பண்ணியது உண்மையில் 47.006. எங்கள் 47.025 உண்மையில் 47.031. அவர்கள் ரிப்போர்ட்டில் இருந்த அதே எண்.

பெரிய கம்பெனி சொல்லிக் கொடுப்பது இதுதான். தப்பு ஏன் வந்தது, திரும்ப வராமல் இருக்க எதை எழுதி வைக்க வேண்டும், ஒரு கருவியை எந்த அளவுக்கு நம்பலாம் என்கிற ஒழுங்கு. மூன்று பேர் பத்து பீஸை மாற்றி மாற்றி அளந்து, அளப்பதில் வரும் வித்தியாசம் அனுமதித்த அளவில் முப்பது சதவீதத்துக்கு மேல் போனால் அந்தக் கருவியே தள்ளுபடி என்று சொல்கிற இடம் அது. பட்டறையில் இதைச் சொல்லித்தர ஆள் கிடையாது, நேரமும் கிடையாது.

ஆனால் அதே பெரிய கம்பெனியில் நான் பதினாலு மாதம் ஒரே லைனில் மூன்று ஸ்டேஷனைத்தான் பார்த்தேன். நாலாவது ஸ்டேஷனில் என்ன நடக்கிறது என்று கேட்டால் அது வேறு டீம். அந்தப் பொருளை என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பது எனக்குக் கடைசி வரை தெரியாது. கூடச் சேர்ந்த டிரெய்னிகளுக்கு நிலைமை இன்னும் குறுகல், வருடம் முழுக்க ஷிப்ட் ரிப்போர்ட்டும் எக்செல்லும்தான். பையனின் சீனியர் ஒருவன் அதே ஒரகடம் கம்பெனியில்தான் இருந்தான், அவனும் இதையேதான் சொன்னான். கூடவே இன்னொன்றும் சொன்னான்: பயிற்சிக் காலம் முடிந்ததும் அவன் பேட்சில் எல்லோரையும் நிரந்தரம் ஆக்கவில்லை, சிலருக்கு நன்றி சொல்லி ஒரு மெயில், அவ்வளவுதான். பெரிய கம்பெனி என்றாலே பாதுகாப்பு என்று வீட்டில் நினைப்பது நிரந்தர ஊழியருக்குப் பொருந்தும். டிரெய்னிக்கு அந்த முதல் வருடம் பட்டறையைவிடப் பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

அவன் பட்டறையில் சேர்ந்தான். நானும் அதைத்தான் சொன்னேன். என் கணக்கு இப்படி இருந்தது: முதல் இரண்டு மூன்று வருடம் கை பழக வேண்டும், விலை புரிய வேண்டும், அதற்குப் பட்டறை. ஒழுங்கைப் பிறகு பெரிய இடத்தில் படிக்கலாம்.

முதல் ஒன்றரை வருடம் நான் நினைத்ததைவிட நன்றாகப் போனது. ஆறு மாதத்தில் மெஷின் செட்டிங் தனியாகச் செய்தான். ப்ரோக்ராம் போட ஆரம்பித்தான். ஒரு நாள் பெரியவர் அவனைக் கூப்பிட்டு ஒரு வால்வு கவர் வார்ப்பைக் கையில் கொடுத்து, இதற்கு என்ன ரேட் போடலாம் என்று கேட்டிருக்கிறார். அவன் கணக்குப் போட்டான். மெஷின் ஓட ஆறு நிமிடம், ஏற்றி இறக்க ஒன்றரை, ஆக ஏழரை நிமிடம், மணிக்கு எட்டு பீஸ். அவர்கள் வி.எம்.சி. மணிக்கு 400 ரூபாய் என்று வைத்திருந்தார்கள், எனவே பீஸுக்கு 50. டூலுக்கும் ரிஜெக்ஷனுக்கும் 5, லாபம் சேர்த்து 60 என்றான். வாடிக்கையாளர் 52-க்கு மேல் தர மாட்டார் என்று பெரியவருக்குத் தெரியும். அவர் வார்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் தட்டையாக இருக்கிறதே, இரண்டைச் சேர்த்து, மெஷினில் பீஸைப் பிடித்து வைக்கும் ஒரே பிக்சரில் மாட்டினால் என்ன என்றாராம். இரண்டு பீஸுக்கு ஒரு தடவை டூல் மாறினால் போதும், ஏற்றி இறக்குவதும் பாதியாகும். பீஸுக்கு ஆறரை நிமிடம் ஆனது, 43 ரூபாய் சொச்சம். 5 சேர்த்தால் 48 சொச்சம். 52-க்கு ஒப்புக்கொண்டாலும் மூன்றரை ரூபாய்க்கு மேல் மிஞ்சும், மாதம் நாலாயிரம் பீஸ். அன்று ராத்திரி அவன் எனக்குப் போன் பண்ணி இதைச் சொன்னபோது அவன் குரல் எப்படி இருந்தது என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இருபத்தி மூன்று வயதில் விலை எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிட்டான். ஒன்பது வருடத்தில் எனக்கு அது கிடைக்கவில்லை.

2023 ஆகஸ்டில் சம்பளம் ஏழாம் தேதி வரவில்லை, 24-ஆம் தேதி வந்தது. செப்டம்பரிலும் அப்படியே. ஜி.எஸ்.டி. தேதிகளைப் பார்த்து வைத்திருந்ததால் அவன் பதறவில்லை, ஜூனிலேயே கொஞ்சம் எடுத்து வைத்திருந்தான். அந்த இரண்டு மாதத்தில் பெரியவர் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெஷின் சும்மா நின்றபோது எல்லோரையும் பிக்சர் சரி பண்ணவும் பெயின்ட் அடிக்கவும் வைத்து முழுச் சம்பளமும் கொடுத்தார், தாமதமாக. பெரிய கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் முதலில் போகிறவர்கள் கான்ட்ராக்ட் ஆட்களும் டிரெய்னிகளும்தான், ஆனால் மற்றவர்களுக்குச் சம்பளம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. இரண்டு இடத்திலும் பாதுகாப்பு இருக்கிறது, அது உடைகிற இடம்தான் வேறு.

2024 ஜனவரியில் பெரியவரின் மகன் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்து சேர்ந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. அப்பாவிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார், கற்றுக்கொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் பட்டறையில் விலை போடுகிற நாற்காலி ஒன்றுதான். மார்ச்சுக்குள் ரேட் போடுவதும் வாடிக்கையாளரைப் பார்க்கப் போவதும் அவர் கைக்குப் போய்விட்டது. பையனுக்குப் புரொடக்ஷன் மட்டும் மிச்சம். ஏப்ரலில் சம்பளம் 21,500 ஆனது, அதோடு இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிவிட்டான், அக்காவுக்குத் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டியதாயிற்று, உயர்ந்ததில் பாதி அதற்கே போனது. அதைவிட, புதிதாக எதுவும் கற்கவில்லை என்று மாதாமாதம் சொல்ல ஆரம்பித்தான். ஒரே நான்கு வாடிக்கையாளர், அதே பாகங்கள், அதே பிரச்சினை. பட்டறையில் கற்பது வேகமாக ஏறும், அப்புறம் முதலாளி எதை விட்டுக்கொடுக்கிறாரோ அந்த உயரத்தில் நின்றுவிடும். அந்த உயரத்தை நான் முதலிலேயே அளந்திருக்க வேண்டும். சேரும் முன் நான் கேட்கச் சொல்லாமல் விட்ட கேள்வி இதுதான்: மூன்றாவது வருடத்தில் இங்கே ரேட் போடப் போவது யார்? பெரியவருக்கு ஒரு மகன் வெளியூரில் படிக்கிறார் என்பது மச்சானுக்கு 2022-லேயே தெரியும். யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

2024 நவம்பரில் வேறொரு பெரிய கம்பெனியில் இடம் கிடைத்தது, சப்ளையர் டெவலப்மென்ட், வருடம் 5,40,000. இன்டர்வியூ சுலபமாக இருந்ததாம். ஒரு பாகத்தைக் காட்டி எப்படிச் செய்வாய் என்று கேட்டார்கள், அவன் எப்படிச் செய்வேன் என்பதோடு எவ்வளவுக்குச் செய்வேன் என்பதையும் சொன்னான். மாட்டியது வேறு இடத்தில். பின்புலச் சரிபார்ப்புக்கு மூன்று மாத பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர், பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டார்கள். பட்டறையில் பே ஸ்லிப் என்று ஒன்று கிடையாது, ரிஜிஸ்டரில் கையெழுத்துதான். ரிலீவிங் லெட்டருக்கு அதைவிடப் பெரிய சிக்கல். தெரிந்த குடும்பம் என்பதால் அவன் போவதாகச் சொன்னதைப் பெரியவர் ஒரு வேலைக்காரன் ராஜினாமாவாக எடுத்துக்கொள்ளவில்லை. "பையனை மாதிரி வெச்சிருந்தேனே" என்று மச்சானுக்குப் போன் பண்ணிச் சொன்னார். மச்சான் இரண்டு நாள் சாப்பிடவே இல்லை. உறவு வழியாகக் கிடைத்த வேலையில் இந்த விலை எப்போதும் உண்டு, சேரும்போது யாரும் அதைச் சொல்வதில்லை.

அவனைக் காப்பாற்றியது அந்த பி.எஃப். 2022 ஜூலையிலிருந்து ஒரு மாதம் விடாமல் பதிவு இருந்தது. அதையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் வைத்து இரண்டு வருடம் நாலு மாத அனுபவத்தை ஏற்றுக்கொண்டார்கள். பட்டறைக்காரர்கள் சொன்னபடி ஒரு வருடம் கழித்துப் போட்டிருந்தால் காகிதத்தில் அவனுக்கு ஒரு வருடம் நாலு மாதம்தான் இருந்திருக்கும், இரண்டு வருட அனுபவம் கேட்ட அந்த வேலை கிடைத்திருக்காது. பி.எஃப்.-ஐ நான் சேமிப்பு என்று நினைத்துத்தான் கேட்கச் சொன்னேன், அது அவன் அங்கே வேலை பார்த்தான் என்பதற்கே சாட்சியாக வந்து நின்றது. அவனோடு ஒரே மெஷினில் நின்ற செட்டர் பையனுக்கு நான்கு வருட அனுபவம், ஒரு காகிதம்கூட இல்லை. ரிலீவிங் லெட்டர் கடைசியில் வந்தது. அவன் நேரில் போய் ஒரு மாதம் கூடுதலாக இருந்து புதிய ஆளுக்கு ப்ரோக்ராம்களை எல்லாம் சொல்லிக்கொடுத்த பிறகு பெரியவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இப்போது அவன் வேலையே இந்த மாதிரிப் பட்டறைகளுக்குப் போய்ப் பார்ப்பதுதான். போன இடத்தில் எல்லாம் முதலில் செட்டிங் வளையத்தின் சான்றுத் தேதியைக் கேட்கிறான் என்று சொன்னான், என் கதை அவனுக்கு அப்படிப் பதிந்திருக்கிறது. வருடத்துக்கு 5,40,000 என்பதில் கையில் எவ்வளவு என்று இப்போது யாரும் அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆறு மாதமாக ஒரே வகைப் பாகங்களையே பார்க்கிறேன் மாமா, மெஷினைத் தொட்டே நாளாகிறது என்றும் சொல்கிறான். ஒரகடத்துக்கே முதலில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா கேட்கிறாள். நிரந்தரம் ஆகியிருந்தால் சம்பளம் இதே அளவில் இருந்திருக்கலாம். ஆனால் விலை சொல்லத் தெரிந்த ஆளாக அந்த இன்டர்வியூவில் அவன் உட்கார்ந்திருக்க மாட்டான், அதனால் அந்த வேலை வந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

போன மாதம் எங்கள் தெருவில் டிப்ளமோ முடித்த ஒரு பெண் இதே மாதிரி ஒரு ஆஃபரோடு வந்தாள். பதினெட்டு பேர் வேலை பார்க்கும் கேஜ் பட்டறை, அப்பாவும் இரண்டு பெண்களும் நடத்துகிறார்கள். ஆள் எண்ணிக்கை இருபதுக்குள் என்பதால் பி.எஃப். கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டால் சேரலாம், இவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். தளத்தில் பார்த்தோம், பதினேழு பேருக்குக் கட்டியிருந்தது. மூன்றாவது வருடம் இங்கே ரேட் போடுவது யார் என்று அவளைக் கேட்டு வரச் சொன்னேன். முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரேட்டு என் பெரிய பொண்ணுதான்மா போடுவா. அளக்கறதும் சர்டிபிகேட்டும் உன் கையில விட்டுடறேன், அதுக்கு வெளிய ட்ரெய்னிங்கும் அனுப்பறேன்" என்றாராம். அதை ஆஃபர் லெட்டரில் ஒரு வரியாக எழுதித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறாள். எழுதிக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை சேர்கிறாள்.